மகன் அனுப்பிய பச்சைப் பொடியும் பத்து நாள் அரிப்பும்

கேள்வி: எனக்கு வயது 56, ஊர் பள்ளத்தூர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய கீரைப் பொடியை இரண்டு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் கரைத்துக் குடிக்கிறேன். 75 பொருள் சேர்ந்தது, கீரையைவிட நல்லது என்கிறான். மலம் பச்சையாகப் போகிறது. இதில் ஈயம் இருக்கிறது, கிட்னியில் கல் வரும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். பத்து நாளாக உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டேன். சிறுநீரும் மஞ்சளாகப் போகிறது, சூடு என்று நினைக்கிறேன். கிட்னி கெட்டுவிடுமா? பொடியைத் தொடரலாமா?

பதில்: ஆச்சி, பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாளைக் காலையிலேயே ரத்தம் கொடுங்கள். கிட்னியைப் பற்றி நீங்கள் பட்ட கவலையில் கால்வாசியாவது கல்லீரலைப் பற்றிப் பட்டிருக்கலாம்.

பச்சை மலம் பொடியின் நிறம்தான், விட்டுத்தள்ளுங்கள். ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்தப் பொடி விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி இருந்ததாக எழுதவில்லை. செடிகள் மண்ணிலிருந்து ஈயத்தை இழுப்பதும், பொடிகளில் அது சிறிதளவு இருப்பதும் உண்மைதான். ஆனால் உங்களுக்கு அரிப்பது அதனால் இல்லை. யூடியூப் உங்களைப் பயமுறுத்தியது முழுக்கத் தவறான இடத்தில்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அரிப்பு, சாப்பாடு இறங்காமை, மஞ்சள் சிறுநீர், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் வந்தால் அதைச் சூடு என்று விடக்கூடாது. கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக இறங்காமல் ரத்தத்தில் தேங்கினால் தடிப்பே இல்லாமல் தோல் அரிக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகமாக இருக்கும், ராத்திரியில் கூடும். அதற்கு அலர்ஜி மாத்திரை கேட்காது. தூக்கத்தைக் கொடுத்து, நாளை மட்டும் கடத்தும்.

மஞ்சள் சிறுநீரிலும் இரண்டு வகை இருக்கிறது. இந்தப் பொடிகளில் பி2 வைட்டமின் சேர்த்திருப்பார்கள். அது குடித்த சில மணி நேரத்துக்குச் சிறுநீரைப் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாக்கும், அப்புறம் தெளிந்துவிடும், அதில் ஆபத்து எதுவும் இல்லை. பித்தம் கலந்தால் நிறம் கறுத்து, பால் விடாத தேநீர் மாதிரி இருக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தெளியாது, நுரையும் மஞ்சளாக நிற்கும். கூடவே மலம் பச்சையிலிருந்து மாறி களிமண் போல வெளுக்கத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். கண்ணின் வெள்ளையை ராத்திரி பல்பு வெளிச்சத்தில் பார்க்காமல், பகலில் வளவில் நின்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கீரைப் பொடிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் மகன் கேட்பார். அவரை டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். வைட்டமின்களுக்கு எதிரே அளவு இருக்கும். அதற்குக் கீழே ஏதோ ஒரு ‘பிளெண்ட்’ என்று தலைப்புப் போட்டு, இருபது முப்பது பெயர்களை வரிசையாக எழுதி, மொத்த எடையை மட்டும் கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி அது போதும். எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தினால் சரி, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் முன் அரசு அனுமதியும் தேவையில்லை.

அந்தப் பட்டியலில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று முடிகிற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். ‘விதானியா’ என்றிருந்தால் அது அமுக்கராக் கிழங்கு, அஸ்வகந்தா. ‘கமெலியா’ என்றிருந்தால் கிரீன் டீ. மஞ்சள் சாரமும், அது உடம்பில் நன்றாக ஏற மிளகுச் சாரமும் சேர்த்திருக்கலாம். இந்த மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைக் காயப்படுத்துவதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அமுக்கரா செய்யும் பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள், அரிப்பும் காமாலையுமாகத்தான் வரும். நீங்கள் எழுதிய இரண்டு மாதம் அந்தக் கணக்குக்குள் விழுகிறது. கிரீன் டீ சாரத்தை வெறும் வயிற்றில் எடுத்தால் அதிலுள்ள பொருள் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். நீங்களும் வெறும் வயிற்றில்தான் குடித்திருக்கிறீர்கள்.

உடனே அஞ்சறைப் பெட்டியைச் சந்தேகப்படாதீர்கள். மிளகுக் கோழி சாப்பிட்டுக் காமாலை வந்ததாக ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, கிலோ கணக்கான கிழங்கைக் கரைப்பானில் ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சி எடுத்த சாரம் வேறு.

கீரையைவிட நல்லது என்ற பேச்சுக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த வகை டப்பாவில் 30 கரண்டி இருக்கும், விலை நம் பணத்தில் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி 230 ரூபாய்க்கு மேல். கரண்டிப் பொடி 10 கிராம் என்றால் அதில் இலைதழை 5 கிராம் இருந்தாலே பெரிது, மீதி நார்ப்பொடி, சுவையூட்டி, சாரங்கள். பச்சைக் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே அந்த 5 கிராம் வெறும் 50 கிராம் கீரைக்குச் சமம், ஒரு சின்னக் கட்டில் பாதிகூட வராது. கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டுக்கு இதை டாலர் கொடுத்து வாங்கி அனுப்புகிறார்கள்! வாரத்தில் நாலு நாள் கீரை மண்டியோ தண்ணிச்சாறோ வைத்தால் போதும். அதில் எவ்வளவு என்ன இருக்கிறது என்று ஒளித்துவைக்க யாருமில்லை.

இனி பரிசோதனை. கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம், வயிற்று ஸ்கேன் மூன்றும் வேண்டும். பொடிதான் குற்றவாளி என்று நான் இங்கிருந்தே தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த வயதில் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், ஏ, இ வகைக் காமாலை வந்தாலும், கணையத்தில் கட்டி அழுத்தினாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்காகத்தான் ஸ்கேன். ரத்த ரிப்போர்ட்டில் கல்லீரல் காயத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 120-க்கு மேலும், பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிருபின் 2-க்கு மேலும் சேர்ந்து இருந்தால் அன்றே மதுரையில் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். ஈறில் ரத்தம், நிற்காத வாந்தி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பொடியால்தான் என்றால் நிறுத்தினாலே பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடும். சரியானபின் ‘அரைக் கரண்டி மட்டும்’ என்று திரும்பத் தொடங்கினால் முதல் தடவையைவிட மோசமாக வரலாம். இடையில் கீழாநெல்லி, கல்லீரல் டானிக் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கூடுதலாக இன்னொரு மூலிகை சேர்ந்தால் எது என்ன செய்கிறது என்று நாங்கள் கண்டுபிடிக்க முடியாது.

தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. அந்தப் பொடியில் கால்சியமோ இரும்போ இருந்து, மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் அது மாத்திரையை உடம்பில் சரியாக ஏறவிடாது. இப்படி இரண்டு பக்கமும் இழுக்கக்கூடும் என்பதால், பொடி நிறுத்திய ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். ஒருமுறை பார்த்து மாத்திரை அளவைச் சரிசெய்ய வேண்டும்.

மிச்சப் பொடியைக் கொட்டிவிடாமல் டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வீட்டில் ஐயாவுக்கும் தினம் ஒரு கரண்டி கலந்து கொடுத்திருந்தால், அவருக்கு அரிப்பு இல்லாவிட்டாலும் அதே ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.