எந்தக் கவிதைக்கு எது ஜோடி?

“மகள் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத்துக்கு ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் ‘பவர் அண்ட் கான்ஃப்ளிக்ட்’ கவிதைத் தொகுப்பைப் படிக்கிறாள். 15 கவிதைகள். தேர்வில் ஒரு கவிதையை அச்சிட்டுத் தந்துவிட்டு, ஒப்பிட இன்னொன்றை நீயே எடு என்கிறார்களாம். எதை எதோடு சேர்க்க வேண்டும்?”

15 கவிதைகளில் 105 ஜோடிகள் வரும். அத்தனையும் யாரும் படிப்பதில்லை. ஆளுக்கொரு அட்டவணை வைத்திருப்பார்கள், ‘எக்ஸ்போஷர் வந்தால் லைட் பிரிகேட்’ என்கிற மாதிரி. பிரச்சினையே அந்த அட்டவணைதான். கேள்வியில் கவிதையின் பெயரோடு ஒரு பொருளும் இருக்கும்: இயற்கையின் வலிமை, போரின் பாதிப்பு, நினைவு இப்படி. ஜோடியை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பொருள்தான்.

நான் வீட்டில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாதிரித் தேர்வில் ஓவனின் ‘எக்ஸ்போஷர்’ வந்தது, பொருள் இயற்கையின் வலிமை. ஒரு பையன் அட்டவணைப்படி டெனிசனின் ‘லைட் பிரிகேட்’ எடுத்தான். இரண்டிலும் படைவீரர்கள், இரண்டிலும் சாவு. ஆனால் டெனிசனிடம் கொல்வது பீரங்கி. இயற்கைக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாம் பத்தியிலேயே கட்டுரை ‘போரில் வீரர்கள் துன்பப்படுகிறார்கள்’ என்று திரும்பிவிட்டது. கேட்ட பொருள் அச்சிட்ட கவிதையோடு நின்றுபோனது.

அதே கேள்விக்கு ஹீனியின் ‘ஸ்டார்ம் ஆன் தி ஐலண்ட்’டை வைத்துப் பாருங்கள். அதில் போரே இல்லை, தீவு வீட்டில் புயலடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்றை ஹீனி விமானத் தாக்குதல், குண்டுவீச்சு என்று போர்ச் சொற்களால் எழுதுகிறார். ஓவனிடம் காற்று கத்தியாய்க் குத்துகிறது. துப்பாக்கிக் குண்டைவிடக் குளிர்காற்றே கொடியது என்கிறார். ஆக, இருவருமே இயற்கையின் கையில் ஆயுதம் கொடுக்கிறார்கள். இது ஒற்றுமை. இதோடு நின்றால் கட்டுரை ‘இதிலும் அப்படியே’ என்று தட்டையாகிவிடும்.

வேற்றுமையைத் தேடினால், ஓவனின் வீரர்கள் பதுங்குகுழியில் காத்துக் கிடக்கிறார்கள், ஒதுங்க வீடில்லை. தீவுக்காரர்களோ தயாராகத்தான் இருக்கிறார்கள், கட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டே பயப்படுகிறார்கள். வடிவமும் அப்படி: ஓவனிடம் ஐந்தைந்து வரிப் பத்திகள், ஒவ்வொன்றின் கடைசி வரியும் குட்டையாய் நிற்கும், ஹீனியிடம் இடைவெளியே இல்லாத 19 வரிகள், காற்று இடைவிடாமல் அடிப்பதுபோல. இரண்டும் முடிவது ‘நத்திங்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு. ஓவனுக்கு அது ஒன்றும் நடக்காத கொடுமை, திரும்பத் திரும்ப வரும் வரி. ஹீனிக்கு அது கண்ணுக்குத் தெரியாத எதிரி. இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு முழுப் பத்தி எழுதலாம்.

இப்போது கவிதை அதே ‘எக்ஸ்போஷர்’, பொருள் மட்டும் ‘போர் மனத்தில் விடும் தழும்பு’ என்று மாறட்டும். ஹீனி இங்கே உதவமாட்டார். ஆர்மிடேஜின் ‘ரிமெய்ன்ஸ்’ எடுக்கலாம். ஓவனின் வீரர்கள் களத்தில் இருக்க, மனம் வீட்டுக்குப் போகிறது, கதவு அடைத்திருக்கிறது. ஆர்மிடேஜின் வீரன் வீட்டுக்கு வந்துவிட்டான், களம்தான் கூடவே வந்துவிட்டது. ஓவனிடம் பேசுவது கடைசிவரை ‘நாம்’. ஆர்மிடேஜிடம் ‘நாம்’ கரைந்து கடைசியில் ‘நான்’ மட்டும் மிஞ்சுகிறது.

சரியான ஜோடியா என்று பார்க்க நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். திட்டமிடும் ஐந்து நிமிடத்தில், கேட்ட பொருளைப் பற்றி ‘ஆனால்’ போட்டு மூன்று வாக்கியம் எழுத முடிய வேண்டும். அதில் ஒன்றாவது கதையைப் பற்றி இல்லாமல், குரலையோ வடிவத்தையோ சொல்லாட்சியையோ பற்றி இருக்க வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண்ணில் 12 கவிஞர் எழுதிய விதத்துக்கு. இன்னொரு 12 கருத்துக்கும் அதற்கான சான்றுக்கும், பின்னணிக்கு வெறும் 6. ‘இரண்டு கவிஞரும் போரை எதிர்த்தார்கள்’ என்பதை வைத்து மட்டும் ஜோடி சேர்த்தால் அந்த ஆறைத்தான் துரத்திக்கொண்டிருப்போம். (ஆங்கிலத் தலைப்பின் முதல் எட்டு எழுத்தைச் சேர்த்தால் ‘ஸ்டார்மாண்ட்’ என்று வருகிறதே, வட அயர்லாந்து நாடாளுமன்றமாயிற்றே என்று ஹீனி கவிதைக்கு எல்லாரும் எழுதுவார்கள். இயற்கையைக் கேட்ட கேள்வியில் அது வழிதவறவைக்கும்; மோதலைக் கேட்டால் பயன்படும்.)

இன்னொரு தடை, புத்தகம் கையில் இருக்காது. இரண்டாவது கவிதை முழுக்க ஞாபகத்திலிருந்து வர வேண்டும். அதனால் மகளிடம் ஐந்து கவிதைகளை நன்றாகப் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொல் நீளத்தில் ஐந்தாறு மேற்கோளோடு. ஐந்தும் ஒரே பொருளில் இருக்கக் கூடாது: அதிகாரத்துக்கு ஒன்று, இயற்கைக்கு ஒன்று, போர்க்களத்துக்கு ஒன்று, நினைவுக்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று. மீதிப் பத்தை அச்சிட்டு வந்தால் அலசத் தெரியும் அளவுக்குப் படித்தால் போதும். மிகப் பொருத்தமான ஜோடியில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லையென்றால், கொஞ்சம் குறைவாகப் பொருந்தினாலும் நன்றாகத் தெரிந்த கவிதையை எடுக்கட்டும்.