தனியாகத் தொழில் தொடங்கும் கணக்கர் எந்த வேலையால் அறியப்பட வேண்டும்? – கேள்வி பதில்

அம்பத்தூர் வாசகர்: மேடம், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன், வயது 43. சி.ஏ. இன்டரோடு படிப்பு நின்றுவிட்டது. வேலையை விட்டு ஆலோசகராகப் போகிறேன். விசிட்டிங் கார்டில் அக்கவுண்ட்ஸ், ஜி.எஸ்.டி., வருமான வரி, பே ரோல், பேங்க் லோன் என்று எல்லாவற்றையும் போடலாமா? எனக்கு நன்றாகக் கை வந்தது ஜாப் ஒர்க் கணக்குதான்.

உங்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் அட்டையில் போடுங்கள். மற்ற ஐந்தையும் போட்டால், மாதம் இவ்வளவு என்று ரிட்டர்ன் தாக்கல் செய்து தரும் ஒவ்வொரு அலுவலகத்தோடும் நீங்கள் விலையில் மோத வேண்டியிருக்கும். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உள்ள சிறு தொழிற்சாலைகளில் கடைசல், முலாம், வெப்பப் பதம் என்று பொருள் வெளியே போய்த் திரும்புகிறது. அங்கே முதலாளிக்கு இரவில் தூக்கம் கெடுப்பது ரிட்டர்ன் அல்ல. வெளியே போன பொருள் எங்கே என்ற கேள்வி.

அதை ஒரே தாளில் காட்டுங்கள். 10.04.2024 அன்று 1,000 கிலோ எஃகுக் கம்பி சலான் போட்டுக் கடைசலுக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். உருப்படிகளாகத் திரும்பியது 780 கிலோ. சுருள் கழிவு என்று எழுதப்பட்டது 150 கிலோ. மீதி 70 கிலோவுக்குக் கணக்கு இல்லை. மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகச் சட்டம் கருதுகிறது. கிலோ 80 ரூபாய் என்றால் 70 கிலோவுக்கு 5,600 ரூபாய். அதில் 18 சதவீத வரி 1,008 ரூபாய். அதன்மேல் அந்த முதல் நாளிலிருந்து வட்டி. தொகை சிறியதாகத் தெரியும், ஆனால் ஆண்டு முழுவதும் போன சலான்கள் எல்லாவற்றிலும் இதே இடைவெளி இருந்தால், ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த பொருளைக் காட்டும் `ITC-04` படிவக் கணக்கும் கிடங்கில் உள்ள இருப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பெரும்பாலும் சிக்கல் கழிவில்தான் ஒளிந்திருக்கும். கடைசல் பட்டறைக்காரர் அதை எடைபோடாமலே விற்றிருப்பார்.

சலான் எண், போன நாள், போன எடை, வந்த எடை, கழிவு, மீதி, ஓராண்டு முடியும் நாள் ஆகிய ஏழு பத்திகளையும் கற்பனை எண்களால் நிரப்பி, கீழே உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சிடுங்கள். தொழிற்பேட்டையில் உங்களை அறிந்த ஸ்டோர் பொறுப்பாளர்களிடமும் பட்டறை உரிமையாளர்களிடமும் அந்தத் தாளைக் கொடுங்கள். எண்கள் கற்பனையாகவே இருக்கட்டும். தற்போதைய நிறுவனத்தின் சலான் ஒன்றைப் பெயர் மறைத்துப் பயன்படுத்தினால்கூட, அந்த வட்டாரத்தில் எடையைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று: பெயருக்குப் பக்கத்தில் சி.ஏ. என்ற எழுத்துகள் எந்த வடிவிலும் வர வேண்டாம். உறுப்பினரல்லாதவர் பட்டயக் கணக்காளர் என்று காட்டிக்கொள்வது 1949-ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தண்டனைக்குரியது.

வேளச்சேரி வாசகர்: லோகோ, கம்பெனி பெயர் எதுவும் முடிவாகவில்லை. எந்த நிறம் நம்பிக்கை தரும்?

முதல் மூன்று வாடிக்கையாளர்கள் நிறத்தைப் பார்த்து வரப்போவதில்லை. சொந்தப் பெயரே போதும்.

பெரம்பூர் வாசகர்: பிராண்ட் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எந்த வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும்?

நீங்கள் கேட்பது வணிகச் சின்னப் பதிவு. கணக்கியல் சேவை 35-ஆம் வகுப்பில் வரும். இங்கே நாம் பேசுவது வேறு விஷயம் என்பதால், அதற்கு ஒரு வணிகச் சின்ன முகவரை அணுகுங்கள்.

தி.நகர் வாசகர்: நான் சி.ஏ., பிராக்டிஸ் சான்றிதழ் எடுத்துவிட்டேன். கார்டில் "மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்" என்று போட்டால் நிறுவன வேலைகள் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

போடக்கூடாது. தொழில் நடத்தும் உறுப்பினர், தொழில்முறை ஆவணங்களில் பட்டயக் கணக்காளர் என்பதற்குப் பதிலாக வருமான வரி ஆலோசகர், மேலாண்மை ஆலோசகர் போன்ற பட்டங்களைப் போட்டுக்கொள்வது முறைகேடு என்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் நெறிமுறை சொல்கிறது. சுற்றறிக்கை, விளம்பரம், நேரடி வேண்டுகோள் ஆகியவற்றால் வாடிக்கையாளர் தேடுவதற்கும் அதே 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையின் 6-ஆம் 7-ஆம் பிரிவுகளில் தடை இருக்கிறது. மேலாண்மை ஆலோசனை வேலையைச் செய்யத் தடையில்லை. அதைப் பட்டமாக ஒட்டிக்கொள்வதுதான் தவறு. ஆகவே அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன தாள் விநியோகம் உங்களுக்குப் பொருந்தாது.

அடையாறு வாசகர்: மேடம் சொல்வது சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத்தான். நான் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆலோசனை மட்டும் செய்கிறேன். எனக்குக் கட்டுப்பாடு கிடையாது.

பாதி சரி. அந்தப் பிரிவுகள் தொழில் நடத்துபவருக்கானவை என்பது உண்மை. ஆனால் தொழில் நடத்துவது என்றால் என்ன என்பதை உங்கள் கையில் உள்ள சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. ஊதியம் பெற்றுக் கணக்கியல் சேவை வழங்க முன்வரும் உறுப்பினர், சட்டத்தின் 2(2)-ஆம் பிரிவின்படி தொழில் நடத்துபவராகவே கருதப்படுகிறார். மேலாண்மை ஆலோசனையையும் அதில் சேர்த்தே பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் மன்றம் பார்க்கிறது. சான்றிதழும் இல்லாமல் சேவையும் செய்தால் இரண்டு குற்றச்சாட்டுகள் வரும்.

அடையாறு வாசகர் மீண்டும்: அப்படியானால் பெரிய ஆலோசனை நிறுவனங்களில் வேலை பார்க்கும் சி.ஏ.க்கள் எல்லோரும் குற்றவாளிகளா?

அவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள். வாடிக்கையாளரிடம் சேவையை விற்பது நிறுவனம். நீங்களோ உங்கள் பெயரில் பில் போடுகிறீர்கள்.

மயிலாப்பூர் வாசகர்: நான் இருபது வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். லிங்க்ட்இனில் ஜி.எஸ்.டி. பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதுவும் விளம்பரமா?

சட்டத்தை விளக்கும் கட்டுரையை யாரும் குறை சொல்லவில்லை. "இத்தனை கோடி வரி மிச்சப்படுத்தினேன், அழையுங்கள்" என்று முடிந்தால் அது வேண்டுகோள். இவை இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது: கட்டுரை நேர்மையானது, ஆனால் கீழே வாடிக்கையாளர் ஒருவர் உங்களைப் புகழ்ந்து எழுதுகிறார், நீங்கள் அதை உங்கள் பக்கத்தில் விட்டுவைக்கிறீர்கள். நான் அதை நீக்கிவிடுவேன். அடையாறு வாசகர் நிச்சயம் நீக்க மாட்டார்.

அடையாறு வாசகர்: நீக்க மாட்டேன். அடுத்தவர் எழுதியதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

நுங்கம்பாக்கத்தில் உள்ள தென்னிந்திய மண்டல அலுவலகத்தில் நடப்பு நெறிமுறை நூலை வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

தாம்பரம் வாசகர்: பழைய கம்பெனியின் லோகோவை என் வலைத்தளத்தில் "முன்னாள் நிதி மேலாளர்" என்று போட்டுக்கொள்ளலாமா?

பதவியையும் ஆண்டுகளையும் வாக்கியமாக எழுதுங்கள். லோகோ, எண்கள், சலான் எதுவும் வேண்டாம். இதை மேலேயே சொல்லிவிட்டேன்.

போரூர் வாசகர்: எனக்கும் லோகோ பற்றிய சந்தேகம்தான், எந்த எழுத்துரு?

வேளச்சேரிக்குச் சொன்னதே.

அம்பத்தூர் வாசகர் மீண்டும்: தாளைக் கொடுத்தேன். நான்கு பேர் அழைத்தார்கள். மூன்று பேர் "ரிட்டர்ன் போட எவ்வளவு" என்றுதான் கேட்டார்கள்.

அப்படியானால் தாளின் தலைப்பில் ஜி.எஸ்.டி. என்ற சொல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "ஜாப் ஒர்க்கில் திரும்பி வராத பொருளைக் கண்டுபிடிப்போம்" என்று மாற்றுங்கள். நான்காவது நபர் என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் எடையைப் பற்றிக் கேட்டிருந்தால், மற்ற மூவரையும் விட்டுவிட்டு இந்த வாரமே அவருடைய பட்டறைக்குச் சென்று, ஒரே ஒரு மாதத்துச் சலான்களை எடுத்துப் பாருங்கள்.