சந்தை சரிந்தால் யார் தலையில் விழும்?

"அண்ணா, நான் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கையில் இரண்டு வேலை வாய்ப்பு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் டிஃபைன்ட் பெனிஃபிட் பென்ஷன், மற்றதில் டிஃபைன்ட் கான்ட்ரிபியூஷன். முதலாவதில் ரிஸ்க்கே கிடையாது என்கிறார்கள். நிஜமா?"

ரிஸ்க் எங்கேயும் போய்விடவில்லை தம்பி. அதைக் கம்பெனி சுமக்கிறது, அவ்வளவுதான்.

டிஃபைன்ட் பெனிஃபிட்டில் கடைசியில் உன் கைக்கு என்ன வரும் என்பதற்கு வாக்கு இருக்கிறது. பல திட்டங்களில் கணக்கு இப்படிப் போகும்: கடைசிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கை எடுத்து, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். மாதச் சம்பளம் 6,000, சர்வீஸ் 30 வருடம் என்றால் மாதம் 3,000, அதுவும் ஆயுள் முழுக்க. இதற்கான பணத்தை ஒரு நிதியில் போட்டு முதலீடு செய்வார்கள். சந்தை சரிந்து துண்டு விழுந்தால் கம்பெனிதான் ஈடுகட்ட வேண்டும். நீ 95 வயது வரை இருந்தாலும் அது அவர்கள் பாடு. கம்பெனியே திவாலானால்? அப்போது நிதியில் எவ்வளவு மிச்சம், அந்த நாட்டில் பென்ஷனைக் காக்கும் அமைப்பு உண்டா என்பதைப் பொறுத்தது.

டிஃபைன்ட் கான்ட்ரிபியூஷனில் மாதாமாதம் எவ்வளவு போடுவார்கள் என்பதற்கு மட்டும்தான் வாக்கு. அது என்னவாக வளரும் என்பது உன் பாடு. ஓய்வுபெறும் நாளில் கணக்கில் 6 லட்சம் இருக்கிறது, வருடத்துக்கு 24,000 எடுக்கப் போகிறாய் என்று வை. முதல் வருடமே சந்தை 30 விழுக்காடு இறங்கினால் 4.2 லட்சம். செலவுக்கு 24,000 எடுத்தபின் 3.96 லட்சம். பழைய 6 லட்சத்தைத் தொட இனி 50 விழுக்காட்டுக்கும் மேல் ஏற வேண்டும். அதற்குள் அடுத்த வருடச் செலவும் வந்து நிற்கும். இதே சரிவு உன் 35 வயதில் வந்தால் பெரிதாக வலிக்காது. மலிவாக வாங்கிக்கொண்டே போகலாம்.

சரி, அப்படியானால் முதலாவதே நல்லதா? அங்கேதான் நான் ஏமாந்தேன். என் முதல் வேலையில் டிஃபைன்ட் பெனிஃபிட்தான். 6,000 சம்பளத்தில் இருந்தபோது, 35 வயதில், பத்து வருட சர்வீஸோடு விலகினேன். கணக்குப்படி மாதம் 1,000, அதுவும் 65 வயதில்தான் வரும். விலைவாசிக்கேற்ப அதை உயர்த்தும் விதி அந்தத் திட்டத்தில் இல்லை. வருடத்துக்கு 3 விழுக்காடு விலை ஏறினாலே முப்பது வருடத்தில் அந்த 1,000 வாங்குவது நான் விலகிய நாளின் 400 சொச்சத்துக்குத்தான். சந்தை ரிஸ்க் கம்பெனியிடம் இருந்தது, பணவீக்கம் என்னிடம் வந்துவிட்டது.

அதனால் ஹெச்.ஆரிடம் இரண்டு விஷயம் கேள். எத்தனை வருடம் இருந்தால் பென்ஷன் உரிமை உறுதியாகும்? நடுவில் விலகினால் அந்தத் தொகை விலைவாசியோடு உயருமா? நான்கைந்து வருடத்தில் வேறு ஊர் மாறும் எண்ணம் இருந்தால், கம்பெனி தாராளமாகப் பணம் போடுகிற டிஃபைன்ட் கான்ட்ரிபியூஷனைத்தான் நான் எடுப்பேன்.