தடவும்போது கடிக்கும் பூனை: முதலில் வாலைப் பாருங்கள்

கேள்வி: தானாக வந்து மடியில் படுக்கும் எங்கள் பூனை, தடவிக்கொண்டு இருக்கும்போதே திடீரென்று கடித்துவிடுகிறது. வால், காது, மீசையைப் பார்த்து அதன் மனநிலையை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். தடவும்போது நாம் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்போம், பூனை முதலில் சொல்வதோ வால் நுனியில். அதனால்தான் கடி திடீரென்று வந்ததுபோல இருக்கிறது.

நான் இருப்பது திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம். மீன் இறங்கும் கரை, பூனைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஒரு சாம்பல் கடுவன் இருக்கிறது. அன்ரியின் மகள் விறாந்தையில் இருந்தால் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவள் உச்சியில் தொடங்கி முதுகு வழியாக வால் அடிவரை ஒரே இழுப்பாகத் தடவுவாள். கொஞ்ச நேரம் வால் தளர்ந்து கிடக்கும். பிறகு நுனியில் இரண்டு விரல் அகலம் மட்டும் மேலே துடித்து விழும். மறுபடி துடிக்கும். கை வால் அடிக்கு வரும்போது முதுகுத் தோல் அலைபோல ஒருமுறை சிலிர்க்கும். இதற்குள் சுகத்தில் போட்ட குர்குர் சத்தம் நின்றிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறம் பாதி வாலே ஆடத் தொடங்கிக் கதிரையில் தட்டும்.

காது இதற்குப் பின்னர்தான். முன்னால் பார்த்திருந்த இரண்டும் பக்கவாட்டில் திரும்பும். முன்னால் இருந்து பார்க்கிறவருக்குக் காதின் பின்புறம் தெரிந்தால், நேரம் முடிந்தது. தலை கையை நோக்கித் திரும்பும், அடுத்தது பல்.

“அது குணம் கெட்ட பூனை பிள்ளை, விடு” என்பார் அன்ரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. “தங்கச்சி, முதல் துடிப்பிலேயே கையை நிப்பாட்டு” என்று மகளிடம் சொன்னேன். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுத்தால் இரை ஓடுவதாக நினைத்து நகத்தால் பிடிக்கும். கையை அசைக்காமல் வைத்து, மெதுவாக எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையைக் கொண்டுவந்து உரசும். தடவும் இடத்தையும் மாற்றச் சொன்னேன்: கன்னம், தாடை, கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி. உடம்பின் எந்த இடத்தைத் தடவினால் பூனை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலும், அதிகம் வெறுப்பைக் காட்டியது வால் அடியைத் தொட்டபோதுதான்.

மீசையை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அமைதியாக இருக்கும்போது அது பக்கவாட்டில் தளர்ந்து நிற்கும். பயந்தால் கன்னத்தோடு ஒட்டிப் பின்னால் போகும். முன்னால் விரிந்தால்தான் குழப்பம்: சூடை மீன் தலையைக் கண்டாலும் விரியும், சண்டைக்கு நின்றாலும் விரியும். வாலும் காதும் என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

காதிலும் ஏமாறலாம். பாண்காரரின் ஓட்டோ பாட்டு தெருவில் கேட்டால் கடுவனின் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பும். அது கோபம் இல்லை, கேட்கிறது, அவ்வளவுதான். நாயைப் பார்த்துப் பழகியவர்கள் வால் ஆடினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். பூனையின் சந்தோஷ வால் நேராக மேலே நிற்கும், நுனி சிலவேளை கொக்கிபோல வளைந்திருக்கும். வால் குட்டையான பூனை என்றால் முதுகுத் தோலும் காதும்தான் துணை.

உங்கள் பூனை முன்பெல்லாம் தடவ விட்டு, இப்போதுதான் கடிக்கத் தொடங்கியதா? அப்படியென்றால் வலியை யோசியுங்கள். மொன்றியல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட பூனை முகவலி அளவுகோல் இதற்கு உதவும். காதுகள் விலகி வெளிப்பக்கம் திரும்புதல், கண் இடுங்குதல், மூக்கும் வாயும் இறுகுதல், மீசை நேராகி முன்னால் வருதல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் என்று ஐந்து விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. மொத்தம் 10இல் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து தேவைப்படலாம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மனிதருக்கான பரசிட்டமோலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. தூங்கும்போதோ தன்னை நக்கிக்கொண்டு இருக்கும்போதோ புள்ளி போடக் கூடாது, விழித்துச் சும்மா இருக்கும்போது பாருங்கள்.

இதுவரை பட்ட கடியில் தோல் கிழிந்திருந்தால், வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, விசர்நோய்த் தடுப்பூசி தேவையா என்று ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள்.