உதவித்தொகைப் படிவத்தின் வருமானக் கட்டத்தில் என்ன எழுதுவது?

வாட்ஸ்அப்பில் ஒரு உதவித்தொகைப் படிவத்தின் போட்டோ வந்தது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போவது நான்தான். அப்பா லோடுமேன், சம்பளச் சீட்டு கிடையாது. தகுதி, வருமானச் சான்று, கடைசி நாள் கட்டங்களை எப்படி நிரப்புவது? ஊர் உசிலம்பட்டி பக்கம்.

போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம், தம்பி. நான் முதல் வருஷம் படித்தபோது எனக்கு வந்த படத்தில் அடிவரி வெட்டுப்பட்டிருந்தது. "துறைத் தலைவர் கையொப்பத்துடன்" என்பது அந்த வரியில்தான் இருந்திருக்கிறது. கடைசி நாளன்று கையெழுத்துக்கு அலைந்தேன். படிவத்தின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதது பிரச்சினையே இல்லை. இங்கே வருமானச் சான்று என்றால் பொதுவாக வருவாய்த் துறை தரும் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் ஆதாரும் ரேஷன் கார்டும் கொடுத்து விண்ணப்பித்தால், விஏஓ, ஆர்ஐ வழியாகத் தாலுகா ஆபீஸ் போய்க் கையெழுத்தாகும். விஏஓ விசாரிக்கும்போது அப்பா சொல்லும் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

உதாரணமாக, அப்பாவுக்கு நாள் கூலி 600 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்றால் மாதம் 13,200, வருஷத்துக்கு 1,58,400. அம்மா பூக்கட்டி மாதம் 3,750 சம்பாதித்தால் வருஷத்துக்கு 45,000. மொத்தம் 2,03,400. படிவத்தில் வரம்பு 2,50,000 என்று இருந்தால் நீங்கள் உள்ளேதான். அப்பா வருமானத்தை மட்டும் எழுதிவிட்டு அம்மாவுடையதை விட்டுவிடுவது, "ஆண்டு வருமானம்" கட்டத்தில் மாதக் கணக்கைப் போடுவது, இரண்டும் அடிக்கடி நடக்கிற தப்பு. சான்றிதழ் வந்த பிறகு உங்கள் கணக்கை மறந்துவிட்டு, அதில் அச்சாகியிருக்கும் தொகையையே எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் சரிபார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். சான்றிதழ் எண்ணையும் தேதியையும் அதைப் பார்த்தே எழுதுங்கள். பழைய சான்றிதழ் வீட்டில் இருந்தால், தேதி படிவம் கேட்கும் காலத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

தகுதிக் கட்டத்தில் "முதல் பட்டதாரி" என்று கேட்டிருந்தால் அது வேறு சான்றிதழ். அதற்கும் வருமானச் சான்றுக்கும் சம்பந்தமில்லை. அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் அது கிடைக்காது. பெற்றோர் படிக்கவில்லை என்பது மட்டும் போதாது.

அப்புறம் கடைசி நாள். "அனுப்ப வேண்டிய" நாளா, "வந்து சேர வேண்டிய" நாளா என்று வாசியுங்கள். வந்து சேர வேண்டிய நாள் 30 என்றால் 30-ஆம் தேதி தபாலில் போட்டால் போச்சு. காலேஜ் வழியாகப் போகிற படிவம் என்றால் ஆபீஸில் அவர்கள் வாங்கிக்கொள்ளும் நாள் இன்னும் முன்னால் இருக்கும். அதனால் 30-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கையெழுத்துக்கு நாலைந்து நாள், சான்றிதழுக்கு இரண்டு வாரம் என்று வைத்தால் 10-ஆம் தேதிக்குள் இ-சேவை மையத்தில் நிற்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல் வேறாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே போங்கள், அது ஒன்றுதான் நாள் கணக்கில் இழுத்தடிக்கும்.