அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்: எந்த வேலையில் சேரலாம்?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பெற்றோருடன் இருக்கிறேன். அம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளி மதியம் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப் போக வேண்டும். இரண்டு வேலை வந்திருக்கிறது. வீட்டருகே ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது, சம்பளம் ₹18,500. மற்றது கன்டோன்மென்டில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் உதவி மேலாளர், ₹24,000. "லீவெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறார்கள். எதில் சேரலாம்?

பதில்: லீவை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு ஆண்டுக்கு 104 முறை நேரம் வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 25ஆம் பிரிவு தருவது தற்செயல் விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 12 நாள். ஓராண்டு வேலை பார்த்த பிறகு சம்பளத்துடன் இன்னொரு 12 நாள். நோய் விடுப்பு உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால்தான். ஆக, முதல் ஆண்டில் அம்மாவுக்காகக் கேட்கக்கூடியது தற்செயல் விடுப்பு மட்டுமே. அதை அம்மாவைத் திடீரென்று அட்மிட் செய்யும் நாளுக்கு வையுங்கள்.

டயாலிசிஸ் நாட்களை வேலை நேரத்திலேயே சரிக்கட்ட வேண்டும். ஜவுளிக்கடைகளில் ஞாயிறு வியாபாரம் அதிகம். வார விடுமுறையை வேறு கிழமையில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். செவ்வாயைக் கேளுங்கள். பிறகு வெள்ளி அரை நாள்தான் மிச்சம். "மற்ற நாளில் ஒரு மணி நேரம் கூட இருந்து ஈடுகட்டுங்கள்" என்பார்கள். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போனால் அது ஓவர்டைம், இரட்டைச் சம்பளம் தர வேண்டியது. பின்னால் தகராறு வரும். அதைவிட வாரத்துக்கு 48 மணிக்குப் பதில் 44 மணி என்றே பேசுங்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் ₹1,540, குறையலாம். அதற்கு மேல் குறைக்கச் சொன்னால் நியாயமில்லை.

பேசியதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்: "வார விடுமுறை செவ்வாய். வெள்ளிக்கிழமை பணி நேரம் காலை 8.30 முதல் பகல் 12.30 வரை. பணியிடம் ஸ்ரீரங்கம்." ஆறு மாதம் முடியும் வரை, தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது என்ற 41ஆம் பிரிவின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பைனான்ஸ் கம்பெனியின் கடிதத்தில் "எந்தக் கிளைக்கும் மாற்றலாம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கன்டோன்மென்ட் பக்கம் என்ற கணக்கே போய்விடும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பதவிப் பெயர் மட்டும் அதைத் தீர்மானிக்காது, செய்யும் வேலைதான் தீர்மானிக்கும். ஆனாலும் அதை நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள்.

₹5,500 வித்தியாசத்தைப் பார்க்கும்போது ஈஎஸ்ஐயையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குச் சம்பள வரம்பு ₹21,000; பைனான்ஸ் கம்பெனி சம்பளம் அதைத் தாண்டிவிடும். கடை ஈஎஸ்ஐயில் பதிவாகியிருந்தால், 18,500-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், மாதம் ₹139. உங்களைச் சார்ந்த பெற்றோரையும் சேர்க்கலாம்; அவர்களின் மாத வருமானம் ₹9,000-க்குள் இருக்க வேண்டும், அப்பாவுக்குப் பென்ஷன் வந்தால் கவனியுங்கள். டயாலிசிஸ் போன்ற உயர் சிகிச்சை சேர்ந்த மறுநாளே கிடைக்காது, காத்திருப்புக் காலம் உண்டு. அது எவ்வளவு என்று ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதுவரையான டயாலிசிஸ் செலவைக் கையில் வைத்துக்கொள்ள முடியுமானால், எழுதித் தரும் ஜவுளிக்கடையில் சேருங்கள். எழுதித் தர மறுத்தால் இன்னும் தேடுங்கள்.