சாங்ஷனுக்கு முன்னால் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

"அண்ணே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை மில்லுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிளம்பும் முன் புதுக்கோட்டையில் ஒரு வங்கியில் வீட்டுக்கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் சாங்ஷன் ஆகவில்லை. இப்போது கடன் வேண்டாம். அசல் பத்திரம் அவர்களிடம் இருக்கிறது. பிராசசிங் ஃபீஸ் 11,800 ரூபாய் கட்டியிருக்கிறேன். இங்கிருந்தே இரண்டையும் எப்படித் திரும்ப வாங்குவது?"

தம்பி, இன்றைக்கு ராத்திரி ஷிப்டுக்குப் போகும் முன் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு. மற்றதெல்லாம் அப்புறம். போனில் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிடாதே. நான் அப்படித்தான் இருந்தேன்.

அது நான் இங்கே வந்த மூன்றாவது வருடம். ஊரில் மாடி எடுக்க ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தேன். தங்கை கல்யாணம் குறுக்கே வந்ததால் வேண்டாம் என்று முடிவு செய்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றபடி கிளைக்குப் போன் போட்டேன். "சரி சார், பார்த்துக்கறோம்" என்றார் அந்த அதிகாரி. பதினோரு நாள் கழித்து அப்பா வீட்டுக்குச் சாங்ஷன் கடிதம் வந்து நிற்கிறது. கேட்டால், "கோப்பில் நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே" என்றார்கள். ஃபீஸ் போனது போனதுதான். பத்திரத்தை வாங்க அப்பா இரண்டு மாதம் நடந்தார்.

சாங்ஷனுக்கு முன்பா பின்பா என்பதில் ஏன் இவ்வளவு இருக்கிறது என்றால், கடன் விண்ணப்பம் என்பது நீ வங்கியிடம் வைக்கிற ஒரு கோரிக்கை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டு அந்த ஏற்பை உனக்கு அனுப்பும் வரை கோரிக்கையை நீ திரும்பப் பெறலாம். ஆனால் நீ வேண்டாம் என்று சொன்னது அவர்களுக்குத் தெரியவரும்போதுதான் அது செல்லும். உன் மனதில் முடிவெடுத்த நாள் கணக்கில் வராது. அதனால்தான் தேதியும் நேரமும் பதிவாகிற மின்னஞ்சல் வேண்டும் என்கிறேன். பெரிய வங்கிகளில் பெரும்பாலும் கிளை வெறும் தபால் பெட்டி மாதிரிதான். விண்ணப்பம் பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கிற கடன் செயலாக்க மையத்துக்குப் போய், சாங்ஷன் அங்கேதான் நடக்கும். ஆகவே கிளை, அந்த மையம், வாடிக்கையாளர் சேவை என மூன்று முகவரிக்கும் ஒரே மின்னஞ்சலாகப் போடு. மறுநாள் அப்பா அதே கடிதத்தின் அச்சுப் பிரதி இரண்டைக் கிளைக்குக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கட்டும். நம்ம கடிகாரம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை பத்துக்குக் கிளை திறக்கும்போது இங்கே பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரத்தில் நீ போனில் அப்பாவோடு இருக்கலாம்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"இன்ன தேதியில் இன்ன எண்ணில் கொடுத்த வீட்டுக்கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். சாங்ஷன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு வந்துவிட்டதால் விண்ணப்பத்தில் சொன்ன வேலை, வருமான விவரங்கள் மாறிவிட்டன. கீழே பட்டியலிட்ட அசல் ஆவணங்களையும் காசோலைகளையும் என் தந்தையிடம் ஒப்படைக்கவும். கட்டிய பிராசசிங் ஃபீஸில் உண்மையில் செலவான தொகைக்குக் கணக்குக் கொடுத்து, மீதியை ஜிஎஸ்டியோடு என் கணக்கில் வரவு வைக்கவும்."

வேலை மாறிய விஷயத்தை மறைக்காதே, அது உனக்குச் சாதகம். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பிய அன்றே அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீ வெளிநாட்டில் வசிப்பவன். உள்ளூர்ச் சம்பளக்காரனாக நீ கொடுத்த விண்ணப்பத்தை அப்படியே சாங்ஷன் செய்தாலும் பிறகு சிக்கல்தான் என்பது அவர்களுக்கே தெரியும்.

அடுத்து ஃபீஸ். சாங்ஷனுக்கு முன்னால் விலகினால் முழுப்பணமும் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. ரிசர்வ் வங்கி 2003இல் கொண்டுவந்த நியாய நடைமுறைக் கோட்பாட்டில், என்ன கட்டணம், விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் அதில் எவ்வளவு திரும்பும் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுத வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே உன் படிவத்தின் பிரதியைத் தேடி எடு. 'திரும்பத் தரப்படாது' என்று அச்சிட்டு, கீழே உன் கையெழுத்தும் இருந்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதே. கேட்டுப் பார், கொடுத்தால் லாபம். அப்படி ஒன்றும் எழுதாமல் வாங்கியிருந்தால் உன் கை ஓங்கி இருக்கிறது.

நம்ம மில்லில் பாய்லர் பார்க்கிற பையனுக்குப் போன வருடம் இதே கதை, ஃபீஸும் இதே தொகை. 10,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. முதலில் "ஒரு பைசா வராது" என்றார்கள். "வராது என்றால் எந்த வரியில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள், செலவானது எவ்வளவு, கணக்குக் கொடுங்கள்" என்று அவன் எழுதிக் கேட்டான். பத்து நாள் கழித்துக் கணக்கு வந்தது. வக்கீல் கருத்துரைக்கு 3,000, மனை மதிப்பீட்டுக்கு 2,000, ஆக 5,000. அதற்கு வரி 900. மீதி 5,000 ரூபாயும் அதற்குரிய வரி 900ம் சேர்த்து 5,900 அவன் கணக்கில் வந்துவிட்டது. பாதிக்குப் பாதி. வக்கீலும் மதிப்பீட்டாளரும் வேலையைச் செய்துவிட்டார்கள், அந்தப் பணத்தைக் கேட்பது நியாயமும் இல்லை. உன் விஷயத்தில் மதிப்பீட்டாளர் இன்னும் மனையைப் பார்க்கவே வரவில்லை என்றால் அதைக் கடிதத்தில் சொல். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், யாராவது டேப் பிடித்து அளந்தார்களா என்று.

பணம் வந்து சேரவேண்டிய கணக்கு இன்னொரு விஷயம். நீ இப்போது வெளியே இருப்பதால் ஊர்ச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்வார்கள். மாற்று. ஆனால் ஃபீஸ் கட்டிய கணக்கையே மூடிவிடாதே. மூடிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய் எங்கேயோ தொங்கும். அதைத் தேடுவது ஃபீஸ் வாங்குவதைவிடப் பெரிய வேலை.

பத்திரத்தில்தான் எனக்குக் கவலை. சாங்ஷனுக்கு முன்னால் பொதுவாக நகலும், சரிபார்க்க அசலை ஒருமுறை காட்டுவதும் போதும். அசலை ஏன் விட்டுவிட்டு வந்தாய்? சரி, நடந்தது நடந்தது. கொடுத்தபோது பட்டியலோடு ரசீது வாங்கியிருக்கிறாயா பார். இல்லையென்றால் இப்போதே நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுது: கிரயப் பத்திரத்தின் எண், ஆண்டு, எத்தனை தாள், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. அதை மின்னஞ்சலில் வை. அவர்கள் மறுக்காவிட்டால் அதுவே உனக்கு ஆதாரம்.

அசல் கிளை அலமாரியில் இருப்பதாக நினைக்காதே. பல சமயம் அது வங்கியின் வக்கீல் ஆபீசில் கிடக்கும். என் அப்பாவிடம் பழுப்பு உறையை ஒட்டிக் கொடுத்து, "கையெழுத்துப் போடுங்கள் பெரியவரே" என்றார்கள். அவரும் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டில் பிரித்தால் தாய்ப்பத்திரம் இல்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து மட்டும் இருக்கிறது. கடைசியில் அது வக்கீல் குமாஸ்தா மேஜையில் வேறொருவர் கட்டுக்குள் கிடைத்தது. ஆகவே அப்பாவிடம் சொல்: கவுண்டரிலேயே உறையைப் பிரித்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, பத்திரத்தின் ஒவ்வொரு தாளின் பின்புறமும் சார்பதிவாளர் முத்திரையும் தாள் எண்ணும் வரிசையாக இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் கையெழுத்து. ஒன்று குறைந்தால் 'இது தவிர' என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

அப்பாவுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்து, உன் பாஸ்போர்ட் பிரதி, அவருடைய ஆதார் பிரதி. இது போதுமா என்று மின்னஞ்சலில் முதலில் கேட்டுக்கொள். போதும் என்றால் கூரியரில் அனுப்பு. பொது அதிகாரப் பத்திரம்தான் வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனுக்குப் போய்ச் சான்று வாங்கு. அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் கட்டிவிட வேண்டும். கேட்காமலே போய் ஒரு நாள் சம்பளத்தையும் ரயில் காசையும் விட்டவர்கள் இங்கே உண்டு.

கையெழுத்துப் போட்ட காசோலைகளும், தவணை பிடிக்க ஒப்புதல் படிவமும் கொடுத்திருந்தால் அவற்றையும் பட்டியலில் எழுது. ஒப்புதல் ரத்தானதற்கு எழுத்தில் பதில் கேள். காசோலை கைக்கு வராவிட்டால் அந்த எண்களுக்குப் பணம் தரக்கூடாது என்று உன் வங்கிக்கு எழுதிவிடு. உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இந்த வங்கி விசாரித்த பதிவு இருக்கத்தான் செய்யும், விலகினாலும் போகாது. அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே.

கேட்டது நடக்காவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் அனுப்பு. அதற்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போடலாம், கட்டணம் இல்லை. நீ இங்கிருந்தே போடலாம். முத்திரை வாங்கிய பிரதியும் மின்னஞ்சலும் அங்கே கேட்பார்கள். ஒன்று மட்டும் கவனம். பத்திரம் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்று ஊரில் யாராவது சொல்லுவார்கள். 2023இல் வந்த அந்த உத்தரவு கடனை அடைத்து முடித்தவர்களுக்கானது. உன் கடிதத்தில் அதைக் காட்டி மிரட்டினால், 'இவருக்கு விவரம் தெரியவில்லை' என்று அதையே பிடித்துக்கொண்டு மற்றதற்குப் பதில் தரமாட்டார்கள்.

அப்பா பத்திரத்தோடு வீடு வந்து ஒரு மாதம் கழித்து, tnreginet.gov.in தளத்தில் மனைக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பார். சாங்ஷனே ஆகாததால் அடமானப் பதிவு எதுவும் இருக்கக்கூடாது. ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பசியாற வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.